மோட்டார் கிளம்பினால் போர்டு ஏன் செத்துப் பிழைக்கிறது?

சென்னை ரிட்சி தெருவில் பொருள் வாங்கி ஒரு பொறியியல் மாணவர் கட்டும் முதல் ரோபோ கார் அநேகமாக இப்படித்தான் இருக்கும்: நீல நிற ஆர்டுயினோ யூனோ போர்டு, சிவப்பு நிற எல்298என் மோட்டார் டிரைவர், மஞ்சள் கூடு போட்ட பி.ஓ. கியர் மோட்டார் இரண்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு 9 வோல்ட் பேட்டரி. லேப்டாப்பில் செருகி மேசைமேல் வைத்திருக்கும்வரை கார் ஒழுங்காக ஓடும். யுஎஸ்பி கேபிளைப் பிடுங்கித் தரையில் விட்டதும் சக்கரம் ஒரு வெட்டு வெட்டி நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வெட்டு. மறுபடி நிற்கும். இப்படியே திக்கித் திக்கி அடித்துக்கொண்டிருக்கும். மாணவர் புரோகிராமை வரிவரியாகத் துழாவுவார். அங்கே தப்பு எதுவும் இருக்காது.

நடப்பது இதுதான். புரோகிராம் மோட்டாரை ஓடச் சொல்கிறது. மோட்டார் கிளம்பும்போது பேட்டரியின் மின்னழுத்தம் சரிகிறது. யூனோவில் இருக்கும் ஏடிமெகா328பி என்ற மைக்ரோகன்ட்ரோலர், தனக்கு வரும் மின்சாரம் போதவில்லை என்று கண்டதும் தன்னையே அணைத்துக்கொள்கிறது. அது அணைந்தால் மோட்டாரும் நிற்கும். சுமை போனதும் பேட்டரி நிமிர்கிறது. சிப் விழித்து முதல் வரியிலிருந்து தொடங்கி, மறுபடி மோட்டாரை ஓடச் சொல்கிறது. அந்தத் திக்கலுக்குக் காரணம் இந்த வட்டம்.

சிப் தன்னை அணைத்துக்கொள்வது கோளாறு அல்ல, தற்காப்பு. யூனோ போர்டில் அந்த சிப் 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் பிசகாமல் ஓட அதற்குச் சுமார் 3.8 வோல்ட் வேண்டும். அதற்குக் கீழே போனால் கணக்கைத் தப்பாகப் போடலாம், நினைவகத்தில் கண்டதை எழுதலாம். அப்படிக் கிறுக்குப் பிடித்து ஓடுவதைவிட நின்றுபோவது மேல் என்பதால், அழுத்தம் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கினால் ரீசெட் ஆகும் காவல் சுற்று ஒன்று சிப்புக்குள்ளேயே இருக்கிறது. பிரவுன்-அவுட் டிடெக்டர் என்று அதற்குப் பெயர். யூனோவில் அந்த வரம்பு 2.7 வோல்ட். 3.8-க்கும் 2.7-க்கும் நடுவே ஒரு மோசமான இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். அங்கே சிப் ரீசெட்டும் ஆகாது, நம்பத்தக்கபடி ஓடவும் செய்யாது. ரீசெட் ஆகாமல் அப்படியே உறைந்து நிற்கும் கார்களில் சிலவற்றின் வியாதி இதுவாக இருக்கலாம்.

மோட்டார் ஏன் அவ்வளவு மின்சாரம் கேட்கிறது? கிராமத்தில் கிணற்று மோட்டார் போட்டதும் வீட்டு விளக்கு ஒரு நொடி மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான் இங்கே சின்ன அளவில் நடக்கிறது. சுழலும் மோட்டார், தானே ஒரு டைனமோ போல எதிர் மின்னழுத்தம் ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். உள்ளே வரும் மின்னோட்டத்தை அதுதான் கட்டுப்படுத்துகிறது. நின்றுகொண்டிருக்கும் மோட்டாரில் அந்த எதிர்ப்பு பூஜ்யம். அந்தக் கணத்தில் அது வெறும் செம்புக் கம்பிச் சுருள், அவ்வளவுதான். பி.ஓ. மோட்டாரின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்து ஓம் அளந்தால் ஏறக்குறைய 5 ஓம் காட்டும். சுமையின்றிச் சுழலும்போது 200 மில்லிஆம்பியருக்குள் அடங்கிவிடும் மோட்டார், கிளம்பும் கணத்தில் ஒரு ஆம்பியரைத் தொடப் பார்ப்பது இதனால்தான். சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாலும் அதே கதை.

இப்போது மாணவரின் காரைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பினால், பேட்டரி காண்பது இரண்டரை ஓம். எல்298என் பழைய வடிவமைப்பு. தன் உள்ளேயே ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தின்றுவிடும். புதிய ஆல்கலைன் 9 வோல்ட் பேட்டரியின் உள்மின்தடை சுமார் 2 ஓம். ஆக 9-இல் 2 போக மீதி 7 வோல்ட்டை, உள்ளும் புறமுமாக நாலரை ஓம் தாங்குகிறது. மின்னோட்டம் ஒன்றரை ஆம்பியருக்குச் சற்று மேல் வரும். அதில் 3.1 வோல்ட் பேட்டரிக்குள்ளேயே விழுந்துவிட, முனைகளில் மிஞ்சுவது 5.9. யூனோவின் வட்டச் செருகி வழியாகப் போனால், அங்குள்ள டையோடு 0.7 வோல்ட்டும் ரெகுலேட்டர் ஒரு வோல்ட்டும் எடுத்துக்கொள்ளும். சிப்புக்குக் கிடைப்பது சுமார் 4.2 வோல்ட். அதாவது முதல் நாள் கார் ஓடும்.

ஒரு மணி நேரம் ஓட்டிய பேட்டரியில் திறந்த முனை அழுத்தம் 8.4 என்றும், உள்மின்தடை 5 ஓம் என்றும் வையுங்கள். அதே கணக்கில் மின்னோட்டம் 0.85 ஆம்பியர். பேட்டரிக்குள் விழுவது 4.3. முனையில் மிஞ்சுவது 4.1. சிப்புக்குப் போய்ச் சேர்வது 2.4 வோல்ட். ரீசெட். மல்டிமீட்டரை எடுத்துச் சும்மா இருக்கும் பேட்டரியை அளந்தால் 8.4 காட்டும். “பேட்டரி நல்லாத்தான் இருக்கு” என்று மாணவர் மீண்டும் புரோகிராமுக்கே திரும்புவார். விலை குறைந்த கார்பன்-ஜிங்க் வகை 9 வோல்ட் பேட்டரியின் உள்மின்தடை இதைவிடப் பல மடங்கு. அது முதல் நாளே கைவிடும்.

லேப்டாப்பில் செருகியிருக்கும்போது மட்டும் ஏன் கார் ஓடியது? பேட்டரி பக்கத்து அழுத்தம் சுமார் 6.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் யுஎஸ்பி மின்சாரத்துக்குத் தானாக மாறிக்கொள்ளும் சுற்று யூனோவில் இருக்கிறது. பேட்டரி சரியும்போதெல்லாம் லேப்டாப் வந்து தாங்கிப் பிடித்தது. ஆகவே இந்தக் கோளாறைத் தேடும்போது யுஎஸ்பி கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் தேட வேண்டும். செருகி வைத்துக்கொண்டு சீரியல் மானிட்டரைப் பார்த்தால் வியாதி ஒளிந்துகொள்ளும்.

கேபிள் இல்லாமல் ரீசெட் ஆவது எப்படித் தெரியும்? தொடக்கத்தில் விளக்கைச் சிமிட்ட வைப்பது எளிய வழி.

```
void setup() {
  pinMode(13, OUTPUT);
  for (int i = 0; i < 5; i++) {
    digitalWrite(13, HIGH); delay(80);
    digitalWrite(13, LOW);  delay(80);
  }
}
```

இது உங்கள் `setup()` பகுதியின் முதலில் இருக்கட்டும். கார் நிற்கும்போதெல்லாம் ஐந்து சிமிட்டல் வந்தால் அது ரீசெட். சிமிட்டாமல் நின்றால் சிப் உறைந்துபோயிருக்கிறது, அல்லது உண்மையிலேயே புரோகிராமில் தவறு. ரீசெட்டுக்கான காரணத்தைச் சிப்பே `MCUSR` என்ற இடத்தில் குறித்து வைக்கும். ஆனால் பல யூனோ போர்டுகளில் பூட்லோடர் அதைப் படித்து அழித்துவிடுவதால், நம் புரோகிராமுக்கு அது வந்து சேர்வதில்லை. இஎஸ்பி32 போர்டு வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அழுத்தம் சரிந்து ரீசெட் ஆனால் திரையில் `Brownout detector was triggered` என்று அதுவே சொல்லிவிடும்.

ரீசெட்தான் என்று தெரிந்த பிறகு ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. இதற்கு விடை தெரியாமல் கெப்பாசிட்டர் வாங்கக் கிளம்பக் கூடாது. மோட்டார் இரண்டு விதமாகச் சிப்பைத் தொந்தரவு செய்யும். ஒன்று, மேலே கணக்குப் போட்ட அழுத்தச் சரிவு. இன்னொன்று இரைச்சல். மோட்டாருக்குள் பிரஷ் கம்யூட்டேட்டரை உரசும் இடத்தில் ஓயாமல் தீப்பொறி பறக்கிறது. ஒவ்வொரு பொறியும் மைக்ரோவிநாடிக்கும் குறைவான நேரத்தில் பாயும் கூர்மையான துடிப்பை ஒயர்களில் ஏற்றிவிடும். அந்தத் துடிப்பு சிப்பின் ரீசெட் காலுக்குப் போய்ச் சேர்ந்தால், பேட்டரி எவ்வளவு பலமாக இருந்தாலும் சிப் மறுபடி தொடங்கும்.

இரண்டையும் பிரித்துக் காட்ட எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. மோட்டார்களைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பதிலாக 4.7 ஓம், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்றை டிரைவரின் வெளியீட்டில் மாட்டுங்கள். ஓரிரு விநாடிகளுக்கு மட்டும் ஓட விடுங்கள், சூடாகும். அது மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்சாரத்தை அப்படியே இழுக்கும். ஆனால் அதில் பிரஷ் இல்லை, பொறி இல்லை. ரெசிஸ்டரிலும் ரீசெட் ஆனால் சரிவுதான் குற்றவாளி. ரெசிஸ்டரில் சும்மா இருந்து மோட்டாரில் மட்டும் ரீசெட் ஆனால் இரைச்சல் பக்கம் பாருங்கள். கிளம்பும் கணத்தில் மட்டும் ரீசெட் ஆவது பெரும்பாலும் சரிவின் அடையாளம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது எப்போதாவது ஒருமுறை, காரணமே இல்லாததுபோல் ஆவது இரைச்சலின் அடையாளம்.

கல்லூரி ஆய்வகத்தில் ஆசிலாஸ்கோப் கிடைத்தால் இன்னும் தெளிவு. புரோபை யூனோவின் 5 வோல்ட் பின்னில் வைத்து, இறங்கும் விளிம்பில், 4.5 வோல்ட்டில், ஒரே ஒரு முறை பிடிக்கும்படி டிரிக்கர் அமைத்துக்கொண்டு மோட்டாரைக் கிளப்புங்கள். சரிவு என்றால் சில பத்து மில்லிவிநாடி அகலத்துக்கு ஒரு பள்ளம் தெரியும். இரைச்சல் என்றால் ஊசி ஊசியாகத் தெரியும். சாதாரண மல்டிமீட்டர் விநாடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணை மாற்றும் என்பதால் அதில் இரண்டுமே தெரியாது.

இனி கெப்பாசிட்டர். ரீசெட் என்று சொன்னதுமே “ஒரு கெப்பாசிட்டர் போடு” என்று யாராவது சொல்வார்கள். எந்தக் கெப்பாசிட்டர், எங்கே என்பதுதான் விஷயம்.

இரைச்சலுக்கு வேண்டியது 100 நானோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர். மேலே 104 என்று அச்சிட்டிருக்கும். விலையும் மிகக் குறைவு. அதை மோட்டாரின் இரு முனைகளுக்கு நடுவே, மோட்டார் உடம்பிலேயே ஒட்டிப் பற்றவைக்க வேண்டும். டிரைவர் பக்கத்தில் மாட்டினால் பயன் குறைவு, ஏனென்றால் அதற்குள் இரைச்சல் ஒயர் நெடுக ஏறி, ஒயரே ஆன்டெனா ஆகிவிடும். இதற்கும் அடங்காத மோட்டாருக்கு, ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டாரின் உலோகக் கூட்டுக்கு இன்னும் ஒவ்வொன்று. கூடவே மோட்டாரின் இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று முறுக்கி, சென்சார் ஒயர்களிலிருந்து விலக்கிக் கொண்டுபோங்கள்.

சிப்பின் பக்கத்தில் போடும் 104-க்கு டீகப்ளிங் கெப்பாசிட்டர் என்று பெயர். யூனோ போன்ற ஆயத்த போர்டில் அது ஏற்கனவே இருக்கிறது. அதன் 5 வோல்ட் பின்னில் இன்னொன்றைச் செருகுவதால் பெரிய மாற்றம் வராது. வெறும் சிப்பை எடுத்து பிரெட்போர்டில் தாமே சுற்று கட்டுகிறவர்களுக்குத்தான் அது உயிர். 7, 8-ஆம் கால்களுக்கு நடுவே ஒன்று, 20, 22-ஆம் கால்களுக்கு நடுவே ஒன்று, கால்களை ஒட்டியே. ஒரு மில்லிமீட்டர் ஒயருக்குச் சுமார் ஒரு நானோஹென்றி தூண்டல் உண்டு. வேகமான துடிப்புக்கு அதுவே தடைச்சுவர். பத்து சென்டிமீட்டர் தள்ளி வைத்த கெப்பாசிட்டரின் உதவி நேரத்துக்கு வந்து சேராது. பிரெட்போர்டில் கட்டுகிறவர்கள் முதலாம் காலான ரீசெட்டை அந்தரத்தில் விடாமல் 10 கிலோஓம் வழியாக 5 வோல்ட்டுக்குக் கட்டவும் மறக்கக் கூடாது.

சரிவுக்குப் பெரிய எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் போட்டால் போதாதா? கணக்கு எளிது: மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கி, அனுமதிக்கும் சரிவால் வகுத்தால் வேண்டிய ஃபாரட் வரும். மோட்டார்கள் இழுக்கும் 0.85 ஆம்பியரை 50 மில்லிவிநாடிக்கு, ஒரு வோல்ட்டுக்கு மேல் சரியாமல் தாங்க வேண்டும் என்றால் 42,500 மைக்ரோஃபாரட். கடையில் எல்லாரும் வாங்கும் 470 அல்லது 1000 மைக்ரோஃபாரட் அதற்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. மோட்டாரைத் தாங்கக் கெப்பாசிட்டரை நம்பக் கூடாது.

ஆனால் சிப்பை மட்டும் தாங்கினால் போதும் என்று நினைத்தால் கணக்கே மாறுகிறது. யூனோ இழுப்பது 50 மில்லிஆம்பியர் அளவுதான். போர்டின் வட்டச் செருகிக்குப் பின்னால் ஒரு டையோடு இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? அதைத் தாண்டிப் போன மின்சாரம் மோட்டார் பக்கம் திரும்பி வர முடியாது. ஆகவே, பேட்டரியை அந்தச் செருகி வழியாகவே கொடுத்து, டையோடுக்குப் பின்னால் இருக்கும் `VIN` பின்னுக்கும் `GND` பின்னுக்கும் நடுவே 2200 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றை வைத்தால், அதில் உள்ளது முழுவதும் சிப்புக்கே. 50 மில்லிவிநாடியில் அது 1.1 வோல்ட்தான் சரியும். 7.7-இல் இருந்தது 6.6-க்கு வரும். ரெகுலேட்டருக்கு 6 போதும். கார் பிழைத்துவிடும். நெகட்டிவ் பட்டை உள்ள காலை `GND` பக்கம் வைக்க வேண்டும், மாற்றி மாட்டினால் வெடிக்கும். இந்த வித்தைக்கு ஒரு எல்லை உண்டு. சக்கரம் கதவிடுக்கில் சிக்கி ஒரு விநாடி திணறினால் கெப்பாசிட்டர் காலியாகிவிடும்.

அதற்கும் ஈடுகொடுப்பது தனித்தனி மின்சாரம்தான். மோட்டாருக்கு இரண்டு 18650 லித்தியம் செல், தொடராக, 7.4 வோல்ட். யூனோவுக்கு யுஎஸ்பி வழியாக ஒரு பவர் பேங்க். அந்த இரண்டு செல்லின் உள்மின்தடை ஓமில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். இரண்டு மோட்டாரும் சேர்ந்து 2 ஆம்பியர் இழுத்தாலும் விழுவது கால் வோல்ட்டுக்குச் சற்றே கீழ். கவனித்துப் பார்த்தால், அதே செல்களிலிருந்து யூனோவுக்கும் செருகி வழியாகக் கொடுத்திருந்தால்கூட அதற்கு 5 வோல்ட் குறையாமல் போயிருக்கும். அதாவது 9 வோல்ட் பேட்டரியைத் தூக்கி எறிந்ததிலேயே பாதி வியாதி தீர்ந்தது. தனி மின்சாரம் மீதியைத் தீர்க்கிறது.

பவர் பேங்க் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவாக இருந்தால், போன் சார்ஜ் முடிந்துவிட்டது என்று எண்ணித் தானே அணைந்துகொள்ளும் ரகங்கள் உண்டு. யூனோ இழுக்கும் 50 மில்லிஆம்பியர் அவற்றின் கண்ணில் படாது. மோட்டாருக்குச் சம்பந்தமே இல்லாமல் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கார் மொத்தமாக அணைந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

இரண்டு மின்சாரம் வைத்ததும் பலர் தடுக்கி விழும் இடம் கிரவுண்ட். இரண்டின் நெகட்டிவையும் இணைக்காவிட்டால், யூனோ அனுப்பும் 5 வோல்ட் சிக்னலை எதை வைத்து அளப்பது என்று டிரைவருக்குத் தெரியாது. மோட்டார் ஓடாது, அல்லது தன் இஷ்டத்துக்கு ஓடும். இணைத்தே ஆக வேண்டும், ஆனால் ஒரே இடத்தில். மோட்டார் பேட்டரியின் நெகட்டிவ் ஒயர் தடிமனாக, நேரே டிரைவரின் கிரவுண்ட் முனைக்கு வரட்டும். அதே முனையிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் யூனோவின் `GND`-க்குப் போகட்டும். அந்த மெல்லிய ஒயரில் சிக்னல் அளவுக்கு மட்டுமே மின்சாரம் போகும். இதற்கு மாறாக, மோட்டார் மின்சாரம் பிரெட்போர்டின் ஓரப் பட்டை வழியாக யூனோவைக் கடந்து திரும்பும்படி கட்டினால், 0.2 ஓம் ஒயரில் 2 ஆம்பியர் போய் யூனோவின் கிரவுண்டே 0.4 வோல்ட் எழும்பிக் குதிக்கும். தனி பேட்டரி வைத்தும் ரீசெட் நிற்கவில்லை என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

எல்298என் போர்டில் 5 வோல்ட் என்று ஒரு முனையும் பக்கத்தில் ஒரு ஜம்பரும் இருக்கும். ஜம்பர் மாட்டியிருந்தால் அந்த முனை மின்சாரம் கொடுக்கும். கழற்றினால் வாங்கும். ஜம்பரோடு வைத்துக்கொண்டு அதை யூனோவின் 5 வோல்ட் பின்னோடு சேர்த்தால் இரண்டு ரெகுலேட்டர்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். தனி மின்சாரம் கொடுத்தபின் ஜம்பரை மாட்டியபடியே விட்டு, அந்த முனையை வெறுமனே விடுங்கள். இது மோட்டார் மின்சாரம் 12 வோல்ட்டுக்குள் இருக்கும்வரை சரி. மேலே போனால் ஜம்பரைக் கழற்ற வேண்டும்.

புரோகிராமிலும் ஒரு உதவி செய்யலாம். மோட்டாரை ஒரே அடியாக முழு வேகத்தில் விடாமல், அரை விநாடிக்குள் படிப்படியாக ஏற்றலாம்.

```
for (int p = 60; p <= 255; p += 5) {
  analogWrite(ENA, p);
  analogWrite(ENB, p);
  delay(10);
}
```

வேகம் ஏறும்போதே எதிர் மின்னழுத்தமும் ஏறிவிடுவதால், கிளம்பும்போது இழுக்கும் உச்ச மின்னோட்டம் நன்றாகக் குறைந்துவிடும். இதைவிட முக்கியம், முன்னே ஓடும் காரைச் சட்டென்று பின்னே ஓட்டாமல் இருப்பது. அப்போது மோட்டாரின் எதிர் மின்னழுத்தம் பேட்டரியோடு கைகோத்துக்கொண்டு, கிளம்பும்போது இழுத்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இழுக்கும். நேராக ஓடி, தடையைக் கண்டு பின்வாங்கும்போது மட்டும் ரீசெட் ஆகும் கார்கள் இப்படித்தான். நடுவே கால் விநாடி நிறுத்திவிட்டுத் திருப்பினாலே போதும்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது இரண்டு 18650 செல், அதற்கான ஹோல்டர், சார்ஜர், பத்து 104 கெப்பாசிட்டர், ஒரு 2200 மைக்ரோஃபாரட் வாங்கி வாருங்கள். 9 வோல்ட் பேட்டரி மல்டிமீட்டருக்குள் இருக்கட்டும். அது மோட்டார் ஓட்டச் செய்த பொருள் அல்ல.